கடை முட்டை வறுவல்: சூடான தாச்சியிலும் ஈரம் போகாமல் எடுப்பது எப்படி

நுவரெலியாவில் வேலை கிடைத்து ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கிய முதல் மூன்று வாரமும் எனக்குக் காலைச் சாப்பாடு பாணும் முட்டையும்தான். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு வறுத்த முட்டை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கொத்துப் போடும் கடையில் ஒரு நாள் சாப்பிட்டேன், அது மெத்தென்று, ஈரமாக, பெரிய பெரிய கட்டிகளாக இருந்தது. என் அறையில் செய்தால் ஒன்று ரப்பர் மாதிரி இழுக்கும், இல்லாவிட்டால் உதிர்ந்து புட்டு மாதிரி ஆகும், அதுவும் இல்லாவிட்டால் தட்டில் தண்ணீர் விட்டுப் பாண் எல்லாம் ஊறிப் போகும். மூன்று வாரத்தில் நாற்பது முட்டைக்கு மேல் போயிருக்கும். எங்கே பிழை என்று ஒவ்வொன்றாகப் பிடித்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன், புதிதாக அடுப்பில் கை வைப்பவர்களுக்கு அந்த நாற்பது முட்டை மிச்சமாகட்டும்.

பெயரில் ஒரு குழப்பம் வரும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதை முட்டை வறுவல் என்போம். தமிழ்நாட்டுப் பரோட்டாக் கடைகளில் முட்டைப் பொடிமாஸ், மும்பைத் தெருவில் புர்ஜி. நம் பக்கத்துக் கடையில் போய் முட்டைப் பொரியல் என்று கேட்டால் பல இடங்களில் வட்டமாகப் பொரித்த ஆம்லெட்தான் வரும். நான் சொல்வது உடைத்துக் கிளறி எடுக்கும் வறுவல்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

இரண்டு பேருக்கு நான்கு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் அளவு, நேரம் எல்லாம் இந்த நான்கு முட்டைக்குத்தான்.

பெரிய வெங்காயம் நடுத்தர அளவில் இரண்டு, அதாவது 150 கிராம் அளவு. பச்சை மிளகாய் நான்கு. கறிவேப்பிலை ஒரு நெட்டு. தேங்காய் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, கடைசியில் விட இன்னும் ஒரு தேக்கரண்டி (பட்டர் இருந்தால் அந்தத் தேக்கரண்டிக்குப் பட்டர் இன்னும் நல்லது). மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை.

செலவு என்று பார்த்தால், நான் கடைசியாக வாங்கியபோது முட்டை ஒன்று 40 ரூபாய், அதுவே 160. வெங்காயம், மிளகாய், எண்ணெய் எல்லாம் சேர்த்து இன்னொரு 80 ரூபாய். முட்டை விலையும் பச்சை மிளகாய் விலையும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், ஆகவே 240 ரூபாய் என்பதை ஒரு கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மொத்தம் இருபது நிமிடம். அதில் முட்டை அடுப்பில் இருப்பது ஒரு நிமிடம் கூட இல்லை.

தாச்சி விஷயத்தில் கவனம் வேண்டும். நான் முதலில் வைத்திருந்தது மெல்லிய அலுமினியத் தாச்சி. சட்டென்று சூடாகும், குளிர்ந்த முட்டையை ஊற்றியதும் சட்டென்று ஆறிவிடும், முட்டை அடியில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டச் சுரண்டத் தூளாகும். கனமான இரும்புத் தாச்சியோ அடி தடித்த தாச்சியோ இருந்தால் அதை எடுங்கள். அடிப்பக்கம் ஒரு சாண் அகலம் இருந்தால் நான்கு முட்டைக்குச் சரி. ஒட்டாத பூச்சுப் போட்ட தாச்சி வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம், ஆனால் எண்ணெய் விடாமல் வெறுமனே பெரிய தீயில் காய வைக்காதீர்கள், பூச்சுக் கெட்டுவிடும். கிளற முனை தட்டையான மரக்கரண்டி வேண்டும். குழிந்த அகப்பை அடியோடு படியாது.

2. அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் பத்து நிமிடம்

நம் ஊர்க் குளிரில் இரண்டு சங்கடம் இருக்கிறது, கொழும்பில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் இவை வராது.

முதலாவது, தேங்காய் எண்ணெய் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். 24 பாகை அளவுக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கும், நுவரெலியாக் குசினியில் விடியற்காலையில் அதைவிட எவ்வளவோ குளிர். கரண்டியால் சுரண்டி எடுத்தால் மேடாகக் குவிந்து வரும், ஒன்றரைக் கரண்டி என்று நினைத்து மூன்று கரண்டி போட்டுவிடுவோம். போத்தலை ஐந்து நிமிடம் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தால் உருகிவிடும். அடுப்புக்கு மேலே நேராகக் காட்டாதீர்கள்.

இரண்டாவது, வெளியில் வைத்த முட்டையே பிரிட்ஜில் வைத்தது மாதிரிச் சில்லென்று இருக்கும். அதே சுடுதண்ணீரில், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, முட்டைகளையும் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். சூடு அதிகமாக இருந்தால் ஓட்டுக்குள்ளேயே வெள்ளைக்கரு கட்டிப்படத் தொடங்கும், ஆகவே விரலை விட்டுப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பிறகு முட்டையை உடையுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கோப்பையில் உடைத்துப் பார்த்து, நல்லது என்றால் பெரிய பாத்திரத்தில் சேர்க்கவும். நான்காவது முட்டை கெட்டதாக இருந்து முதல் மூன்றையும் சேர்த்துக் கொட்டியவள் என்பதால் இதைச் சொல்கிறேன். உப்பில் பாதியை இப்போதே முட்டையில் போட்டு, முள்ளுக்கரண்டியால் அடியுங்கள். எவ்வளவு அடிப்பது? கரண்டியைத் தூக்கினால் வெள்ளைக்கரு கயிறு மாதிரித் தொங்கக்கூடாது, அவ்வளவுதான். நுரை பொங்க அடிக்க வேண்டாம். மஞ்சளும் வெள்ளையும் கலக்காமல் கிடந்தால் வெள்ளை ஒரு சூட்டிலும் மஞ்சள் வேறு சூட்டிலும் இறுகும், ஒரே தட்டில் ரப்பர் துண்டும் மாத்துண்டும் வரும். உப்புப் போட்ட முட்டை பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கட்டும். நிறம் கொஞ்சம் அடர்ந்து, கலவை இளகும், பயப்பட வேண்டாம். உப்பு முன்கூட்டியே சேர்ந்த முட்டை இறுகும்போது தண்ணீரைக் குறைவாகத்தான் வெளியே விடுகிறது, அது நமக்கு வேண்டியதுதான்.

விரும்பினால் தேங்காயின் முதல் பால் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம், பசும்பாலும் சரி. முட்டை இறுகுவது கொஞ்சம் தாமதமாகும், புதியவர்களுக்கு அந்த இரண்டு மூன்று விநாடி பெரிய உதவி. அதற்கு மேல் ஊற்றினால் அதுவே தட்டில் தண்ணீராக இறங்கும்.

3. வெங்காயம்: வேலை முழுக்க இங்கேதான்

அந்தக் கொத்துக் கடை அண்ணனிடம் ஒரு மழை நாளில், கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன், உங்கள் முட்டை மட்டும் எப்படி இப்படி வருகிறது என்று. "முட்டைய ஊத்தின பிறகு வேல இல்ல தங்கச்சி, வேல எல்லாம் அதுக்கு முந்தி" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அறைக்கு வந்து இரண்டு நாள் வெங்காயத்தை மட்டும் கவனித்த பிறகுதான் விளங்கியது.

வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர். அது பாதி வெந்திருக்கும்போது முட்டையை ஊற்றினால், முட்டை இறுகும் அதே நேரத்தில் வெங்காயம் தண்ணீர் விடும். முட்டை அந்தத் தண்ணீரில் அவியும். தண்ணீர் வற்றட்டும் என்று நாம் காத்திருப்போம், அதற்குள் முட்டை முற்றிவிடும். என் முதல் வாரத்துத் தோல்வி எல்லாம் இதுதான். ஆகவே வெங்காயத்தின் தண்ணீர் முழுவதும் முட்டை வருவதற்கு முன்னால் போயிருக்க வேண்டும்.

வெங்காயத்தைப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். மிகவும் பொடியாக நறுக்கினால் சீக்கிரம் கருகும், நீளமாக நறுக்கினால் முட்டைக் கட்டிகளை அறுத்துக்கொண்டு நிற்கும். பச்சை மிளகாயில் இரண்டைப் பொடியாகவும் இரண்டை மெல்லிய வட்டமாகவும் வெட்டி, தனித்தனியாக வையுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

தாச்சியை நடுத்தரத் தீயில் வைத்து எண்ணெய் விட்டு, அது காய்ந்ததும் கறிவேப்பிலையைப் போடுங்கள். குளிரில் கழுவிய இலையில் ஈரம் இருந்தால் தெறிக்கும், துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடவும். உடனே வெங்காயமும் மீதி உப்பும். உப்பு வெங்காயத்தின் தண்ணீரைச் சீக்கிரம் வெளியே இழுக்கும். முதல் இரண்டு நிமிடம் சளசளவென்று ஈரச் சத்தம் கேட்கும், ஆவியும் எழும்பும். அப்புறம் ஆவி குறையும், சத்தம் மாறிப் பொரியும் சத்தமாகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இந்த வித்தியாசம் தெரியும். அந்தச் சத்தம் வந்ததும் பொடியாக வெட்டிய இரண்டு மிளகாயைப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம் வதக்குங்கள். மொத்தம் ஆறு முதல் ஏழு நிமிடம். வெங்காயத்தின் ஓரம் லேசாகப் பொன்னிறமாகி, கரண்டியால் ஒதுக்கினால் தாச்சியின் அடியில் எண்ணெய் மட்டும் மினுங்க வேண்டும். தண்ணீர்க் குமிழ் தெரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

பொறுமை இல்லாமல் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும். மூடி போடவே கூடாது, போனால் போகட்டும் என்று நாம் விரட்டும் ஆவி திரும்பத் தாச்சிக்குள்ளேயே விழும்.

மிளகாயை ஏன் இரண்டாகப் பிரித்தோம் என்றால், மிளகாயின் உறைப்பு எண்ணெயில் கரையும். வெங்காயத்தோடு வதக்கியது எண்ணெய் வழியாக முட்டை முழுக்கப் பரவும், நாக்கில் மெதுவாக ஏறும். வட்டமாக வெட்டி வைத்தது முட்டையோடு போகும், கடிக்கும் இடத்தில் மட்டும் பச்சை வாசத்தோடு சுள்ளென்று இருக்கும். கடை ருசி என்று நாம் சொல்வதில் பாதி இந்த இரண்டும் சேர்ந்ததுதான். குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் இரண்டாவது பங்கை விட்டுவிடுங்கள்.

4. தூள் போடும்போது தாச்சி அடுப்பில் இருக்கக்கூடாது

மிளகாய்த்தூள் சூடான எண்ணெயில் சில விநாடிகளிலேயே கருகும். கருகினால் கசக்கும், அதோடு ஒற்றை அறையில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருமிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தாச்சியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டு, பத்து விநாடி கிளறுங்கள். தாச்சியில் இருக்கும் சூடே போதும். பச்சை வாசம் போய் எண்ணெய் சிவந்து வரும்.

5. தாச்சி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்

தாச்சியைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, கடைசிக்கு வைத்த தேக்கரண்டி எண்ணெயையோ பட்டரையோ வெங்காயத்தைச் சுற்றி விடுங்கள். அரை நிமிடம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான தீயில் இருக்கட்டும். இப்போது அடித்து வைத்த முட்டையில் ஒரு சொட்டை மட்டும் எண்ணெய் உள்ள இடத்தில் விட்டுப் பாருங்கள்.

மெல்லச் சீறி, இரண்டு மூன்று விநாடியில் நிறம் மங்கி இறுகினால் சூடு சரி. சத்தமே இல்லாமல் பரவினால் காணாது, முட்டை அடியில் ஒட்டும். விழுந்ததும் பொங்கி ஓரம் பழுப்பாகி வலை மாதிரி ஆனால் சூடு கூடிவிட்டது, தாச்சியை இருபது விநாடி தூக்கிப் பிடித்துவிட்டு இன்னொரு சொட்டு விடுங்கள்.

சிறு தீயில் மெதுவாகச் செய்தால் மென்மையாக வராதா என்று பலர் கேட்பார்கள். வரும், ஆனால் அது கூழ் மாதிரிக் குழைந்த வேறு வகை. வெங்காயத்தைச் சுற்றிப் பெரிய மடிப்பாகக் கட்டி நிற்கும் கடை வறுவலுக்குச் சூடான தாச்சி வேண்டும். அடியில் பட்டதும் முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மடிப்பைத் தூக்கிவிடுகிறது, அதனால்தான் கடை முட்டை உப்பலாக இருக்கிறது.

6. முட்டை ஊற்றிய பிறகு ஐம்பது விநாடி

இதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் நல்லது. அடித்த முட்டை 65 பாகை அளவில் தடிக்கத் தொடங்கி 75 பாகை அளவில் இறுகிவிடும். அதைத் தாண்டி 80ஐக் கடந்தால் இறுகிய முட்டை ஈரத்துணியைப் பிழிந்த மாதிரித் தன் தண்ணீரைத் தானே வெளியே தள்ளும். நம் தாச்சியோ 150 பாகைக்கு மேல் இருக்கிறது. ஆகவே சரியான பதத்துக்கும் முற்றியதுக்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது சில விநாடிகள். அந்த விநாடிகளை எரிவாயு அடுப்பின் திருகால் பிடிக்க முடியாது, ஏனென்றால் தீயைக் குறைத்தாலும் கனமான தாச்சியின் சூடு உடனே குறையாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தோட்டத்தில் எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டு அக்கா. விடுமுறைக்குப் போனபோது கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பில் நான் முட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, கொள்ளியை வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தேன். "அடுப்ப ஏன் பாக்குறீங்க தங்கச்சி, சட்டிய தூக்குங்க" என்றார். விறகு அடுப்பில் தீயைக் குறைக்க வழி இல்லாதவர்கள் காலம் காலமாகச் செய்வது அது. அறைக்குத் திரும்பி எரிவாயு அடுப்பிலும் அப்படியே செய்தேன், அன்றைக்குத்தான் முதல் தடவை கட்டி உடையாமல், ஈரம் போகாமல் வந்தது.

செய்முறை இப்படி. முட்டையை ஒரு தடவை கலக்கி, வட்ட மிளகாயையும் அதில் போட்டு, வெங்காயத்தின் மேல் ஒரேயடியாக ஊற்றுங்கள். ஐந்து எண்ணும் வரை தொடவே வேண்டாம். ஓரம் வெளுத்து உள்ளே மடங்கத் தொடங்கும். இப்போது மரக்கரண்டியை அடியோடு படியவைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு நீளத் தள்ளு. காலியான இடத்தில் பச்சை முட்டை வழிந்து ஓடி நிரம்பும். மூன்று எண்ணுங்கள். தாச்சியைக் கொஞ்சம் திருப்பி அடுத்த ஓரத்திலிருந்து ஒரு தள்ளு. திரும்ப மூன்று. இப்படி ஐந்து அல்லது ஆறு தள்ளு, அவ்வளவுதான் கிளறுவது. விடாமல் சுற்றிச் சுற்றிக் கிளறினால் மடிப்பு உண்டாவதற்கு முன்னமே உடைந்து ரவை மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு சின்னத் துண்டும் நாலா பக்கமும் சூடு வாங்கித் தனித்தனியாகக் காய்ந்து போகும்.

ஏறக்குறைய முப்பதாவது விநாடியில் பாதி கட்டியாகவும் பாதி ஓடும் பதத்திலும் இருக்கும். அடுப்பிலிருந்து தூக்குங்கள். தூக்கிய தாச்சியிலேயே பதினைந்து விநாடி, கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து மெதுவாகப் புரட்டிப் போடுங்கள். ஓடிக்கொண்டிருந்த முட்டை கட்டிகளோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் குளம் மாதிரி நின்றால் ஐந்து விநாடி மட்டும் அடுப்பைக் காட்டி மறுபடி தூக்குங்கள். மேலே மிளகுத்தூள்.

எடுக்கும் நேரத்தை எப்படி அறிவது? தாச்சியைச் சரித்தால் எதுவும் ஓடக்கூடாது, ஆனால் கட்டிகளின் மேல் ஈர மினுக்கு இருக்க வேண்டும். இன்னும் பத்து விநாடி வைத்தால்தான் சாப்பிடலாம் என்று மனம் சொல்லும், அந்த இடத்தில் எடுங்கள். தட்டுக்குப் போன பிறகும் உள் சூட்டில் அது வேகும். தாச்சியில் பார்க்கும்போதே சரியாக வெந்துவிட்டது என்றால் வாயில் வைக்கும்போது முற்றியிருக்கும். தாச்சியில் அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவதும் இதே பிழைதான், கனத் தாச்சி அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் வேக வைத்துக்கொண்டே இருக்கும்.

தட்டு பற்றியும் ஒரு வார்த்தை. நம் குளிரில் வெறும் பீங்கான் தட்டில் கொட்டினால் ஒரு நிமிடத்தில் முட்டை ஆறி எண்ணெய் உறைந்து வாயில் ஒட்டும். முட்டைகளை வைத்திருந்த தண்ணீரைத் திரும்பச் சூடாக்கித் தட்டில் ஊற்றி வைத்து, பரிமாறும் நேரம் கொட்டித் துடைத்துவிடுங்கள்.

7. பிழை எங்கே என்று தட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

தண்ணீர் விட்டிருந்தால் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். தாச்சியிலேயே தண்ணீர் நின்று, கலங்கலாக, வெங்காய வாசத்தோடு, முட்டை சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் வெங்காயம் வேகவில்லை. எடுக்கும்போது நன்றாக இருந்து, இரண்டு நிமிடம் கழித்துத் தட்டின் அடியில் தெளிந்த மஞ்சள் தண்ணீர் இறங்கினால் முட்டை முற்றிவிட்டது, அடுத்த தடவை பத்து விநாடி முந்தித் தூக்குங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நான் இரண்டாவது வகைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வெங்காயத்தை இன்னும் இன்னும் வறுத்துக்கொண்டிருந்தேன், ஒரு வாரம் அதில் போனது.

முற்றிப் போனதைத் திரும்ப மென்மையாக்க வழியில்லை. கொஞ்சம் முதல் பால் விட்டுக் கிளறி ரொட்டிக்குள் சுருட்டிச் சாப்பிடலாம், வீணாகாது.

8. தக்காளி, லீக்ஸ், ஆட்கள் கூடினால்

தக்காளி போட ஆசை இருந்தால் ஒன்று மட்டும், விதையும் சாறும் எடுத்துவிட்டுச் சதையை வெங்காயம் வதங்கிய பிறகு சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை இன்னும் நான்கு நிமிடம் வதக்குங்கள். இங்கே மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும் லீக்ஸ் இதற்கு நன்றாகச் சேரும், வெள்ளைப் பகுதியை வெங்காயத்தோடும் பச்சை இலையைக் கடைசி ஒரு நிமிடத்திலும் போடுங்கள். இலை இடுக்கில் மண் இருக்கும், பிளந்து கழுவி நன்றாக உதறிவிட்டுப் போட வேண்டும்.

இரண்டு முட்டை மட்டும் என்றால் மொத்தம் முப்பது விநாடிக்குள் முடியும், முதல் தூக்கு பதினைந்தாவது விநாடியில். எட்டு முட்டையை ஒரே தாச்சியில் போடாதீர்கள், அடி முற்றும்போது மேல் பச்சையாக இருக்கும். வெங்காயத்தை மொத்தமாக வதக்கிப் பாதியை எடுத்து வைத்து, இரண்டு தடவையாக ஊற்றுங்கள். கடையில் ஒரே தடவையில் முடிகிறதே என்றால் அவர்களுடைய இரும்புத் தட்டு அவ்வளவு அகலம், முட்டை மெல்லியதாகப் பரவ இடம் இருக்கிறது.

9. யாருக்கு இந்தப் பதம் கொடுக்கக்கூடாது

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயில் படுத்து எழும்பியவர்கள் ஆகியோருக்கு ஈர மினுக்கு போகும் வரை முழுவதும் வேக வைத்தே கொடுங்கள். அவர்கள் பங்கை அடுப்பில் இன்னும் அரை நிமிடம் விட்டால் போதும். கீறல் விழுந்த முட்டையை இந்த வறுவலுக்கு எடுக்க வேண்டாம்.

மலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறவர்களும் மெத்தென்ற பதத்தில் எடுத்து டப்பாவில் அடைக்காதீர்கள். மூடிய டப்பாவுக்குள் சுடுசோற்றின் மேல் அது தானாகவே முற்றித் தண்ணீர் விடும், சமைத்த முட்டையை இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதும் நல்லதில்லை. ஈர முட்டை தாச்சியிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வாய்க்கு. பாணையோ ரொட்டியையோ முட்டை ஊற்றுவதற்கு முன்னமே சுட்டுத் தயாராக வைத்துக்கொண்டு, சாப்பிடுகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு ஊற்றுங்கள்.